ஈரக் காற்றில் ஒரே இரவில் துருப்பிடிக்கும் பிரேக் டிஸ்க்: கேள்வி பதில்

இரவெல்லாம் மழை. காலையில் பார்த்தால் நாலு டிஸ்க்கும் ஆரஞ்சு நிறம். முதல் தடவை பிரேக் மிதித்ததும் கரகரவென்று உரசல். வண்டி புதுசு. டிஸ்க் போச்சா?

போகவில்லை, பயப்படாதீர்கள். டிஸ்க் வார்ப்பிரும்பு. பேட் உரசும் முகத்தில் எந்தப் பூச்சும் நிலைக்காது என்பதால் ஈரம் பட்ட சில மணி நேரத்திலேயே துரு படர்ந்துவிடும். அது மேலோட்டமான பொடி மாதிரிதான். முதல் சில பிரேக்கில் பேட் அதை வழித்துவிடும், உரசல் சத்தம் அதனால்தான். அந்த முதல் சில பிரேக்கில் பிடிப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதனால் முன்னால் போகிற வண்டிக்கு இடைவெளி விட்டே ஓட்டுங்கள்.

சில கிலோமீட்டர் ஓட்டியபின் நிறுத்தி, சக்கர இடைவெளி வழியாகப் பாருங்கள். டிஸ்க் சூடாக இருக்கும், தொடாதீர்கள். முகம் முழுக்க ஒரே சீராகப் பளபளத்தால் விஷயம் முடிந்தது. வெளி விளிம்பிலும் நடுவில் போல்ட் இருக்கும் பகுதியிலும் பேட் படாது. அங்கே துரு அப்படியேதான் இருக்கும்.

ஊருக்குப் போய்விட்டு இரண்டு வாரம் கழித்து வண்டியை எடுத்தேன். மெதுவாகப் போகும்போது பிரேக் பிடித்தால் சக்கரம் சுற்றச் சுற்ற பெடலில் டக், டக் என்று அடிக்கிறது. மூணு நாளாகியும் போகவில்லை. டிஸ்க் வளைந்துவிட்டது, மாற்று என்கிறார் மெக்கானிக்.

அவர் சொல்வது பாதி சரி. கோளாறு டிஸ்க்கில்தான், ஆனால் வளைந்திருக்க வாய்ப்பு குறைவு. நிறுத்தி வைத்த வண்டியில் பேட் டிஸ்க்கின் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இடையில் தங்கிய ஈரம் அங்கே ஆழமாக அரிக்கும், பேட்டின் பொருளும் கொஞ்சம் அப்பிக்கொள்ளும். டார்ச் அடித்துப் பாருங்கள், பேட்டின் வடிவத்திலேயே ஒரு கருத்த தடம் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் பேட் அந்தத் தடத்தைக் கடக்கும்போதுதான் அடி வருகிறது.

முதலில் இதைச் செய்து பாருங்கள். காலியான சாலையில் 60 கிமீ வேகத்திலிருந்து 20 வரை நடுத்தரமாகப் பிரேக் பிடியுங்கள். முழுக்க நிறுத்த வேண்டாம். அரை நிமிடம் ஓட்டி ஆறவிட்டு மறுபடி, எட்டு பத்து தடவை. கடைசியில் சில நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டுங்கள். சூடான டிஸ்க்கில் பேட் அழுந்தி நின்றால் புதுத் தடம் விழுந்துவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு? நான் ராத்திரி நிறுத்தும்போது டிஸ்க்கில் துருத் தடுப்பு ஸ்பிரே லேசாக அடித்துவிடுவேன். துருவே வராது.

தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். அந்த எண்ணெயைப் பேட் உறிஞ்சிக்கொள்ளும், அவசரத்தில் வண்டி நிற்காது. டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் துடைக்கலாம், ஆனால் எண்ணெய் ஊறிய பேட்டைக் கழுவி மீட்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். மாற்றும் வரை அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

துரு குறைய வேண்டுமானால் மழையில் வந்தபின்போ தண்ணீர் விட்டுக் கழுவியபின்போ, நிறுத்துவதற்கு முன் கடைசிக் கொஞ்ச தூரத்தில் சில தடவை லேசாகப் பிரேக் பிடித்து டிஸ்க்கை உலர்த்துங்கள். அது போதும்.

என் பைக் டிஸ்க் மழையில் நின்றாலும் துருப்பிடிப்பதில்லை. காருக்கு மட்டமான இரும்பு போடுகிறார்களா?

பைக் டிஸ்க் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். காரின் எடையை நிறுத்தும்போது எழும் சூட்டைக் கடத்தவும் அதிர்வை அடக்கவும் வார்ப்பிரும்பு நல்லது. மட்டம் என்று சொல்ல முடியாது.

எனக்கு மூணு சக்கரம் பளபளப்பு. முன் இடதில் மட்டும் வெளி முகத்தில் துரு பட்டையாக நிற்கிறது, எவ்வளவு ஓட்டினாலும் போவதில்லை. இதுவும் மழைதானே?

இல்லை, இது பழுது. மழை நாலு சக்கரத்துக்கும் பொதுவாயிற்றே. பெரும்பாலான கார்களில் பேட்டைத் தள்ளும் பிஸ்டன் உட்பக்கம் மட்டும் இருக்கும். பேட்டுகளைத் தாங்கும் காலிப்பர் நகர்ந்து வந்துதான் வெளிப் பேட்டை அழுத்தும். அது நகர உதவும் ‘பின்’ என்கிற கம்பி இறுகிவிட்டால் வெளி முகம் துடைபடாது, உள் பேட் மட்டும் வேகமாகத் தேயும். பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து அதற்கான கிரீஸ் போடச் சொல்லுங்கள். உள் பேட்டின் கனத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், 3 மில்லிமீட்டருக்கு அருகில் வந்திருந்தால் இரண்டு முன் சக்கரத்துக்கும் புது பேட். வெளியிலிருந்து பார்த்தால் உள் பேட் தெரியாது. தள்ளிப்போடாதீர்கள்.

டக் டக் கேள்வி கேட்டவன்தான். நீங்கள் சொன்னபடி செய்தேன். பாதிக்கு மேல் குறைந்தது, ஆனால் முழுசாகப் போகவில்லை. இனி டிஸ்க் மாற்றுவதுதானா?

இன்னும் ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டுங்கள். அப்புறமும் இருந்தால், மாற்றும் முன் மைக்ரோமீட்டரால் டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடத்தில் கனம் அளக்கச் சொல்லுங்கள். இடத்துக்கு இடம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு மாறினாலே பெடலில் தெரியும். டிஸ்க்கிலேயே MIN TH என்று குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும். லேத்தில் கடைந்தபிறகும் அதற்கு மேல் நிற்குமானால் கடையலாம், இல்லையென்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். புதுசு போடும்போது டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்திலுள்ள துருவைச் சுரண்டித் துடைத்தார்களா என்று நின்று பாருங்கள். அங்கே ஒரு துணுக்கு மாட்டினாலும் புது டிஸ்க்கும் கோணலாக ஓடும். அளந்த எட்டு எண்களையும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.