இரண்டு வேலை அறிவிப்புகள்

அன்புள்ள ஐயா,

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாகக் கார் ஸ்டீயரிங்குக்கான மென்பொருள் எழுதுகிறேன். இப்போது இரண்டு வாய்ப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று எலெக்ட்ரானிக் சிட்டியில், வாகன மின்னணுப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 26262 தரநிலையை மட்டுமே பார்க்கும் பாதுகாப்புப் பொறியாளர் வேலை. மற்றது எச்எஸ்ஆர் லேஅவுட்டில் ஒரு மின்சார ஸ்கூட்டர் ஸ்டார்ட்அப்பில், நிறுவனரோடு இருந்து எல்லாவற்றையும் கவனிக்கும் வேலை. சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே மூலையில் அடைபட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அறிவிப்புகளை இணைத்திருக்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

வாகன மின்னணுத் துறையில் பல ஆண்டுகள் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்தவன் என்பதால், இந்த இரண்டு அறிவிப்புகளையும் எழுதியவர்களின் தேவை எனக்குத் தெரிகிறது.

முதல் அறிவிப்பு ஒரு தரநிலையின் பெயரைச் சொல்கிறது. அதற்குள் ‘ஏசில்-டி அனுபவம்’ என்றும் கேட்கிறது. அது அலங்காரத்துக்குப் போட்ட சொல் இல்லை. ஏசில் என்பது அபாயத்தை அளக்கும் படிநிலை, அதில் ‘டி’தான் மிகக் கடுமையானது. நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் தானாகத் திரும்பிவிட்டால் என்ன ஆகும் என்று மூன்று கேள்விகள் கேட்பார்கள். காயம் எவ்வளவு கடுமையாக இருக்கும்? அந்தச் சூழல் எவ்வளவு அடிக்கடி நேரும்? ஓட்டுநரால் சமாளிக்க முடியுமா? மூன்றுக்கும் மிக மோசமான விடை வந்தால்தான் ‘டி’. ஏதாவது ஒன்று ஒரு படி குறைந்தாலும் ‘சி’ ஆகிவிடும். ‘டி’ என்று முடிவானதும், அந்த வேலையைச் செய்த துறைக்கு வெளியே இருக்கும் ஒருவர் அதை மதிப்பிட வேண்டும் என்று தரநிலை சொல்கிறது. எழுதுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர் என்றால், இந்த அறிவு உள்ளவர்கள் குறைந்தது இருவராவது தேவை. நிபுணருக்கான கிராக்கி இங்கிருந்துதான் வருகிறது. விமான மென்பொருளிலும் மருத்துவக் கருவிகளிலும் அறிவிப்புகள் இதேபோலத் தரநிலையின் பெயரோடு வருவதற்குக் காரணமும் இதுவே.

இரண்டாவது அறிவிப்பில் எந்தத் தரநிலையும் இல்லை. வேலைகளின் பட்டியல்தான் இருக்கிறது. முதலீட்டாளருக்கு விளக்கம் தயாரிப்பது, விற்பனையாளர்களோடு பேசுவது, ஆள் எடுப்பது, உற்பத்தி தாமதமானால் ஓடிப்போய்ப் பார்ப்பது. இளம் நிறுவனத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனி ஆள் வைக்கப் பணம் இருக்காது. ஆகவே ஒருவரே அனைத்தையும் செய்வதற்கு அங்கே உண்மையான மதிப்பு உண்டு, ஆனால் அது நிறுவனத்தின் அந்தக் கட்டத்துக்கு உரிய மதிப்பு. அடுத்த சுற்று முதலீடு வந்ததும் விற்பனைக்கு ஒரு தலைவர், ஆள் எடுக்க ஒரு தலைவர் என்று வருவார்கள். நீங்கள் செய்தவற்றைப் பிரித்து எடுத்துக்கொள்வார்கள். எனக்கே அப்படி நடந்தது. மூன்று ஆண்டு உழைத்துவிட்டு வெளியே வந்தபோது, அடுத்த நேர்காணலில் “உங்கள் துறை எது?” என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. ஸ்டார்ட்அப்கள் தரும் நிறுவனப் பங்கு ஒதுக்கீடும் அப்படித்தான். வழக்கமாக அது நான்கு ஆண்டுகளில் பகுதி பகுதியாகக் கைக்கு வரும். முதல் ஆண்டு முடிவதற்குள் விலகினால் ஒன்றும் வராது. சம்பளத்தோடு அதைச் சேர்த்து ஒப்பிடாதீர்கள்.

மூலையில் அடைபடும் பயத்துக்கு வருகிறேன். அந்த ஆபத்து நிபுணராவதில் இல்லை, தரநிலையின் எந்தப் பகுதியில் நிற்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. நீங்கள் இதுவரை செய்திருப்பது ஆறாம் பகுதி, அதாவது மென்பொருள். அதிலேயே பத்து ஆண்டு சோதனை அறிக்கைகள் எழுதினால் உண்மையிலேயே மூலைதான். அபாயத்தைக் கணித்து ‘டி’யா ‘சி’யா என்று முடிவுசெய்யும் வேலை மூன்றாம் பகுதியில் வருகிறது. அதைச் செய்தவரால் ஸ்டீயரிங்கிலிருந்து பிரேக்குக்கும் பேட்டரிக்கும் போக முடியும். 2011இல் வந்த முதல் பதிப்பு பயணிகள் கார்களுக்கு மட்டுமே எழுதப்பட்டது. 2018 பதிப்பில் லாரி, பஸ், மோட்டார் சைக்கிள் எல்லாம் சேர்ந்துவிட்டன. ஆகவே இன்று உங்களைப் ‘பல வேலை பார்க்க’ அழைக்கும் ஸ்கூட்டர் நிறுவனங்களே நாளை இதே அறிவைப் பெயர் சொல்லிக் கேட்கலாம்.

ஆகவே என் விருப்பம் எலெக்ட்ரானிக் சிட்டிதான். ஆனால் அறிவிப்பில் ஒன்று உறுத்துகிறது. ‘ஆவணங்களைப் பராமரித்தல்’ என்பது மூன்று இடங்களில் வருகிறது. ‘அபாயப் பகுப்பாய்வு’ ஒரே இடத்தில், அதுவும் ‘உதவுதல்’ என்ற சொல்லோடு. கையெழுத்திடுமுன் உங்கள் மேலாளராக வரப்போகிறவரிடமே நேரடியாகக் கேளுங்கள்: கடந்த திட்டத்தில் அபாயப் பகுப்பாய்வு இந்தக் கட்டிடத்தில் நடந்ததா, அல்லது வெளிநாட்டுத் தலைமையகத்தில் முடித்து அனுப்பினார்களா? அனுப்பினார்கள் என்றால், அடுத்த திட்டத்தின் பகுப்பாய்வுக் கூட்டங்களில் உங்களுக்கு இடம் உண்டு என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் இரண்டையும் விட்டுவிட்டு இன்னும் மூன்று மாதம் தேடுங்கள்.