கிரைண்டர் முன்னால் குவியும் ஷாஃப்ட்டுகள்: ஒர்க் சென்டர், ரூட்டிங் கேள்வி பதில்

பீளமேடு: மூணு சிஎன்சி லேத், ஒரு விஎம்சி, ஒரு சிலிண்ட்ரிக்கல் கிரைண்டர் இருக்குதுங்ண்ணா. பம்ப் ஷாஃப்ட் வேலை. வாரத்துக்கு எவ்வளவு ஆர்டர் எடுக்கலாம்னு எப்படிக் கணக்குப் போடறது?

கிரைண்டரிலிருந்து ஆரம்பியுங்கள். எந்த ஷாஃப்ட்டானாலும் அறுப்பு, டர்னிங், கீவே முடிந்து அந்த ஒரே மெஷினுக்குத்தான் வந்தாக வேண்டும்.

ஒரு ஷிஃப்ட் 480 நிமிஷம். சாப்பாடு, டீக்கு 45 போனால் 435. வீல் டிரெஸ்ஸிங், அளவு பார்ப்பது, பீஸுக்குக் காத்திருப்பது எல்லாம் போக 80 சதவீதம் ஓடுகிறது என்று வையுங்கள், 348. ஆறு நாளைக்கு 2,088 நிமிஷம். இந்த 80 ஓர் உதாரணம்தான். உங்கள் மெஷினுக்கு எவ்வளவு என்பதை இரண்டு வாரம் எழுதிப் பார்த்துக் கண்டுபிடியுங்கள்.

இனி ஆர்டர். முதல் ஷாஃப்ட் 200 பீஸ், பீஸுக்கு 6 நிமிஷம், செட்டிங் 60: மொத்தம் 1,260. இரண்டாவது 120 பீஸ், 5 நிமிஷம், செட்டிங் 60: 660. மூன்றாவது 40 பீஸ், 8 நிமிஷம், செட்டிங் 90: 410. கூட்டினால் 2,330. கையில் இருப்பதைவிட 242 நிமிஷம் அதிகம். ஓவர்டைமிலும் 80 சதவீதம்தான் ஓடும், அதனால் சனிக்கிழமை அஞ்சு மணி நேரம் போட்டால் ஏறக்குறைய சரியாகிவிடும்.

அந்த நேரத்தில் பார்ட்டி போன் செய்து, இரண்டாவது ஷாஃப்ட்டை 40, 40, 40 ஆகக் கொடுங்கள் என்பார். மெஷினில் நடுவில் வேறு வேலை ஏறினால் இன்னும் இரண்டு செட்டிங். ஒரு பீஸ்கூடக் கூடாமல் 120 நிமிஷம் போய்விடும், பற்றாக்குறை ஆறு மணி நேரமாகும். அதனால்தான் ரூட்டிங்கில் செட்டிங்கைத் தனியாக எழுதச் சொல்கிறேன். பீஸ் நேரத்தோடு கலந்துவிட்டால் இது கண்ணிலேயே படாது.

ஒசூர்: நாங்க சைக்கிள் டைம்லயே 20 சதவீதம் சேர்த்து எழுதறோம் சார். மறுபடியும் ஷிஃப்ட் நேரத்துல 20 சதவீதம் கழிக்கணுமா?

கூடாது. 6 நிமிஷ வேலையை 7.2 என்று எழுதி, கொள்ளளவையும் 80 சதவீதமாக்கினால் அது 9 நிமிஷ வேலை மாதிரி இடத்தை அடைத்துக்கொள்ளும். அட்டவணையில் மெஷின் நிரம்பியிருக்கும், மூன்று மணிக்கே ஆபரேட்டர் சும்மா நிற்பார். அப்படி நின்றால் இரட்டைக் கழிவு என்று சந்தேகப்படுங்கள். ஸ்டாப்வாட்சில் வந்த நேரம் ரூட்டிங்கில் இருக்கட்டும், கழிவு ஒர்க் சென்டரில் மட்டும். ஒடூ சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்களுக்கு: `Time Efficiency` 80 என்று போட்டால் 100 நிமிஷ வேலையை அதுவே 125 ஆக்கிவிடும். வேலை நேரத்தையும் சேர்த்துக் குறைக்காதீர்கள்.

அம்பத்தூர்: கிரைண்டர் நிரம்பினா நிரம்பட்டும். லேத்தைச் சும்மா நிறுத்த முடியுமா? இஎம்ஐ யார் கட்டறது?

லேத் ஓடினாலும் நின்றாலும் இஎம்ஐ அதேதான். கிரைண்டர் வாரத்துக்கு 360 ஷாஃப்ட்டே தாங்காதபோது 500 டர்ன் செய்தால், 140 ஷாஃப்ட்டின் கம்பிக் காசு டிரேயில் தூங்கும். நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில் அப்படிக் கிடந்தவை மழைக்காலத்தில் துருப்பிடித்தன. அதைவிட மோசம், அவசர ஆர்டரின் பீஸ் அந்தக் குவியலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

அம்பத்தூர்: எங்க லேத்துல கிரைண்டிங்கே வேண்டாத புஷ்ஷும் ஓடுதே?

அப்படியானால் நீங்கள் சொல்வது சரி. ஆர்டர் இருக்கும் வரை புஷ்ஷை ஓட்டுங்கள். நான் தடுப்பது ஷாஃப்ட்டை மட்டும்.

ராணிப்பேட்டை: குறுக்க வரேன். ஹார்ட் டர்னிங் பண்ணி கிரைண்டிங்கையே தூக்கிடலாமே? நாங்க ஒரு பாகத்துக்குப் பண்ணிட்டோம்.

சில பாகங்களுக்கு முடியும். பேரிங் உட்காரும் இடத்துக்கு டிராயிங் கேட்கும் அளவும் ஃபினிஷும் நாள் முழுக்க நிற்குமா என்பதுதான் என் சந்தேகம். பத்து பீஸ் நன்றாக வந்ததை வைத்து நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பார்ட்டி எழுத்தில் சம்மதிக்காமல் ரூட்டிங்கை மாற்றாதீர்கள்.

ராணிப்பேட்டை: பத்து இல்லீங்க, நாலு மாசமா ஓடுது.

அளவுப் பதிவைக் காட்டுங்கள், பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.

திருச்சி: ஹார்டனிங் வெளிய அனுப்பறோம். அதுக்கும் ஒர்க் சென்டர் வேணுமா?

ரூட்டிங்கில் வரி வேண்டும், நிமிஷக் கணக்கு வேண்டாம். போய்வர எத்தனை நாள் என்று எழுதுங்கள், அவருடைய ஃபர்னஸ் உங்கள் கையில் இல்லை. ஜாப் ஒர்க் சலானுக்கு உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

சேலம்: எந்த சாஃப்ட்வேர் நல்லது?

நான்காவது முறையாக இதே கேள்வி. ஒரு மெஷின்தான் இடிக்கிறது என்றால் எக்ஸெல் போதும்.

பீளமேடு: மூணு லேத்தையும் ஒரே ஒர்க் சென்டரா போட்டுட்டேன். சரிதானுங்ளா?

எந்த ஷாஃப்ட்டையும் எந்த லேத்திலும் ஏற்ற முடிந்தால் சரி. ஒன்றில் நீள ஷாஃப்ட் ஏறாது என்றால் அதைப் பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்று லேத்திலும் இடம் இருப்பதாகக் கணக்கு காட்டும், நீள ஷாஃப்ட் இரண்டு லேத்தின் முன்னால் வரிசையில் நிற்கும். செட்டிங் நேரத்தையும் மூன்றுக்கும் தனித்தனியாக எடுங்கள்.