மொட்டை மாடி வெப்பத்தடுப்புப் பலகை: எத்தனை வாங்குவது, மேலே எவ்வளவு சிமென்ட் கலவை ஸ்கிரீட்?

கேள்வி: வரைபடத்தில் எங்கள் மொட்டை மாடி 913 சதுர அடி. பலகை 1250 × 600 மி.மீ., ஏறத்தாழ 8 சதுர அடி. வகுத்தால் 114 பலகை வருகிறது. வாங்கிவிடலாமா?

பதில்: வாங்காதீர்கள். வரைபடம் சொல்வது வெளி அளவு. பலகை விரிப்பது கைப்பிடிச்சுவருக்கு உள்ளே. நீங்கள் அனுப்பிய அளவில் வெளியே 10.66 × 7.96 மீட்டர். சுவரின் கனம் 23 செ.மீ. இரண்டு பக்கமும் அதைக் கழித்தால் உள்ளே 10.2 × 7.5, அதாவது 76.5 சதுர மீட்டர். மூலையில் உள்ள மாடிப்படி அறை 3 × 2.5 மீட்டர் இடத்தை எடுத்துக்கொள்கிறது. மீதி 69 சதுர மீட்டர். ஒரு பலகை 0.75 சதுர மீட்டர் என்பதால் 92 பலகை போதும்.

ஆனால் இந்த 92 காகிதத்தில்தான். தளத்தில் எத்தனை ஆகும் என்பது விரிக்கும் திசையைப் பொறுத்தது. பலகையின் நீளத்தை 10.2 மீட்டர் பக்கமாக வைத்தால் எட்டு முழுப் பலகைக்குப் பிறகு 20 செ.மீ. மிஞ்சும், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு துண்டு வெட்ட வேண்டும். திருப்பிப் போடுங்கள். 7.5 மீட்டருக்கு ஆறு பலகை சரியாக உட்காரும், 10.2 மீட்டருக்குப் பதினேழு வரிசை. செங்கல் கட்டுவதுபோல் இணைப்புகள் மாறி வர வேண்டும் என்பதால், ஒன்று விட்டு ஒரு வரிசையை அரைப் பலகையில் தொடங்குங்கள். அந்தப் பலகையின் மறுபாதி அதே வரிசையின் கடைசியில் போய் அமரும், வீணாகாது. படி அறையும் 2.5 மீட்டர் பக்கத்தில் இரண்டு பலகை, 3 மீட்டர் பக்கத்தில் ஐந்து வரிசை என்று கழிந்துவிடுகிறது. எல்லா மாடிக்கும் இப்படி வாய்க்காது. முனை உடைந்தவை, குழாயைச் சுற்றி வெட்டியவை ஆகியவற்றுக்கு நான்கு சேர்த்து 96 வாங்குங்கள். அதற்கு முன் நாடா பிடித்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்துவிடுங்கள். அவை ஒத்துவராவிட்டால் மூலை சதுரமில்லை. ஓரத்தில் ஒரு வரிசை முழுக்கச் சாய்வாக வெட்ட வேண்டிவரும்.

கேள்வி: 50 மி.மீ. கனத்தில் வெப்பம் பாதி குறைந்தால் 100 மி.மீ. போட்டு முழுவதும் நிறுத்திவிடலாம் அல்லவா?

பதில்: கனம் கூடக் கூடப் பலன் கூடுவது உண்மை, ஆனால் அந்த விகிதத்தில் அல்ல. வெறும் கான்கிரீட் தளம் வழியே இறங்கும் வெப்பத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்ட்ரூடட் பாலிஸ்டைரீன் பலகை 25 மி.மீ. போட்டால் ஏறத்தாழ 31 இறங்கும், 50 போட்டால் 18, 75க்கு 13, 100க்கு 10. முதல் 50 மி.மீ. 82 பங்கைத் தடுக்கிறது, அடுத்த 50 மி.மீ. எட்டைத்தான் தடுக்கிறது. பகல் முழுதும் குளிர்சாதனம் ஓடும் அறை கீழே இருந்தால் 75 வரை போகலாம். மற்ற வீடுகளுக்கு 50தான் என் தேர்வு.

கேள்வி: நான் கொத்தனார். பலகைக்கு மேலே ஒரு ஓரத்தில் 5 செ.மீ. தொடங்கி, ஸ்கிரீட்டிலேயே வாட்டம் கொடுத்துவிடுவேன். இதில் என்ன தவறு?

பதில்: எடையைக் கணக்குப் பாருங்கள். இந்த மாடியிலேயே 7.5 மீட்டருக்கு நூற்றுக்கு ஒன்று வாட்டம் என்றால் 7.5 செ.மீ. ஏற வேண்டும். ஒரு ஓரம் 5, எதிர் ஓரம் 12.5, சராசரி 8.75 செ.மீ. ஒரு சதுர மீட்டரில் ஒரு செ.மீ. கனத்துக்குச் சுமார் 23 கிலோ என்று வையுங்கள். சீராக 5 செ.மீ. போட்டால் 69 சதுர மீட்டருக்கு 3.45 கன மீட்டர் கலவை, எடை எட்டு டன்னுக்குச் சற்றுக் குறைவு. உங்கள் முறையில் 6 கன மீட்டர், கிட்டத்தட்ட 14 டன். பழைய தளத்தில் அந்த ஆறு டன்னை யாரைக் கேட்டு ஏற்றுவது? வாட்டம் தளத்திலோ நீர்த்தடுப்புக்கு அடியிலோ இருக்கட்டும். பலகையும் ஸ்கிரீட்டும் அதே சாய்வில் ஒரே கனத்தில் போகட்டும். அப்போதுதான் பலகைக்கு அடியில் இறங்கும் தண்ணீரும் வடிகுழாயைத் தேடிப் போகும். வாட்டமே இல்லாத பழைய தளம் என்றால் கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் மாடியில் ஸ்கிரீட் போட்டு நான்கு மாதத்தில் நேர்கோடுகளாக விரிசல். கொத்தனார் வெயில்தான் காரணம் என்கிறார்.

பதில்: அவர் சொல்வதில் பாதி சரி. அடியில் பலகை இருப்பதால் ஸ்கிரீட்டின் சூடு தளத்துக்குள் இறங்க முடியாது. அது முன்பைவிட அதிகமாகக் காய்ந்து, இரவில் சட்டென்று குளிர்கிறது. 40 டிகிரி ஏறினால் 10.2 மீட்டர் ஸ்கிரீட் ஏறத்தாழ 4 மி.மீ. நீளும். நீள இடம் விட்டிருக்க வேண்டும். முதல் கேள்வியில் பார்த்த மாடியை நீளத்தில் நான்கு, அகலத்தில் மூன்று கட்டங்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 2.5 மீட்டர் அளவில் அமையும். கைப்பிடிச்சுவர் ஓரமாகவும் ஒரு விரல்கனம் இடைவெளி விட்டு, நெகிழும் பூச்சால் அடைக்க வேண்டும்.

உங்கள் விரிசல் எங்கே ஓடுகிறது என்று அளந்து பாருங்கள். 60 செ.மீ.க்கு ஒன்றாக வந்தால் அது பலகை இணைப்பின் மேல் வந்த விரிசல். அடித்தளம் மேடுபள்ளமாக இருந்து பலகை ஆடியிருக்கும். காலை வைத்து அழுத்தினால் சில இடங்களில் லேசாக அமுங்கும், தட்டினால் வெற்றொலி கேட்கும். ஓர் ஓரத்தை உடைத்து, ஸ்கிரீட்டுக்குள் வைத்த கம்பி வலை எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். நான் பிரித்துப் பார்த்த பல மாடிகளில் வலை பலகையின் மேல் அப்படியே படுத்திருந்தது, ஒரு பக்கம் மட்டும் கலவை ஒட்டியிருந்தது. அப்படிக் கிடக்கும் வலையால் பயனில்லை. கலவையின் நடுக்கனத்தில் நிற்கும்படி அடியில் துண்டுக்கல் வைத்துத் தூக்க வேண்டும்.

கேள்வி: மாடி ஒழுகுகிறது. இந்தப் பலகை போட்டால் நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. பலகைகளின் இணைப்பு வழியே தண்ணீர் தாராளமாக இறங்கும். முதலில் ஒழுகலைச் சரிசெய்து, நீர்த்தடுப்புப் பூச்சு இட்டு, இரண்டு நாள் தண்ணீர் கட்டி, கீழே ஈரம் தெரியவில்லை என்று உறுதியான பிறகே பலகை.

கேள்வி: சாதாரண வெள்ளைத் தெர்மாகோலும் இதே பொருள்தானே?

பதில்: மூலப்பொருள் ஒன்றே, அமைப்பு வேறு. வெள்ளைப் பலகை மணிகளை ஒட்டிச் செய்தது. மணிகளுக்கு இடையே ஈரம் நுழையும், ஈரம் சேர்ந்தால் தடுப்புத் திறன் போய்விடும். நீர்த்தடுப்புக்கு மேலே, மழைநீர் படும் இடத்தில் அதைப் போட வேண்டாம்.

கேள்வி: ஐயா, ஒன்றை விட்டுவிட்டீர்கள். கரைப்பான் கலந்த பூச்சு ஈரமாக இருக்கும்போது பலகை வைத்து, அடிப்பக்கம் அரித்துப்போனதை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, பலகைக்கு மேல் பாலித்தீன் விரிப்பது சரியா?

பதில்: முதலாவதைச் சொன்னதற்கு நன்றி. கரைப்பான் பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும். பூச்சு முழுதாகக் காய்ந்து வாசனை போன பிறகே பலகை வைக்க வேண்டும்.

பாலித்தீன் விஷயத்தில் எனக்கும் உடன் வேலை செய்பவர்களுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. கலவைப்பால் இணைப்புக்குள் இறங்காமல் தடுக்கிறது என்பார்கள், அது உண்மை. ஆனால் உள்ளே போன ஈரம் மேலே ஆவியாக வழியில்லாமல் அடைபடுகிறது. நான் நெய்யாத துணி விரிப்பையே கேட்பேன்.

கேள்வி: பலகையை இன்று விரித்து, ஸ்கிரீட்டை அடுத்த வாரம் போடலாமா?

பதில்: ஒரு முறை நான் அப்படி விட்டேன். இரவில் பெய்த மழையில் வடிகுழாய் அடைத்துக்கொண்டு, காலையில் நாற்பது பலகைகள் மாடியில் மிதந்துகொண்டிருந்தன. 50 மி.மீ. பலகை சதுர மீட்டருக்கு இரண்டு கிலோ கூட இல்லை. முழுக்க மூழ்கினால் தண்ணீர் அதை 48 கிலோ விசையில் மேலே தள்ளும். 5 செ.மீ. ஸ்கிரீட்டின் 115 கிலோதான் அதைப் பிடித்துவைக்கிறது. அன்று ஸ்கிரீட் போட முடிகிற அளவுக்கு மட்டும் விரியுங்கள், மீதியைக் கட்டுப் பிரிக்காமல் மூடிவையுங்கள்.