குரூப் 4-க்கு இன்னும் 6 வாரம்: தேர்வு நாளிலிருந்து பின்னோக்கி அட்டவணை போடுவது எப்படி?

ஜவுளிக்கடையில் வேலை. ஞாயிறு லீவு, மற்ற நாளில் 3 மணி நேரம்தான் கிடைக்கும். சிலபஸை 42 நாளுக்கும் சமமாகப் பிரித்துவிட்டேன் அக்கா. சரிதானே?

இல்லை தம்பி. அப்படிப் பிரித்தால் தேர்வுக்கு முந்தின நாளிலும் புதுப் பாடம்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். தேர்வு ஞாயிறு என்று வைத்து, அதற்கு 0 என்று எண் போட்டு, பின்னால் எண்ணுங்கள். 1 முதல் 3 வரை நீங்கள் எழுதிய குறிப்புகள் மட்டும். 4 முதல் 10 வரை மூன்று மாதிரித் தேர்வுகள். 11 முதல் 17 வரை இரண்டாம் வாசிப்பு. அப்போது முதல் வாசிப்புக்கு 25 நாள்தான் மிச்சம். அதில் வரும் 4 ஞாயிறுகளைக் காலியாக விடுங்கள். ஆக 21 நாள், 63 மணி நேரம். தினமும் அரை மணி நேரம் கணக்குக்குப் போனால் கையில் சுமார் 52.

இனி பாடத்தை அளக்க வேண்டும். தமிழ்ப் புத்தகத்தில் ஒரு இயலை எடுத்து, பழைய வினாக்களோடு சேர்த்துக் கடிகாரம் வைத்துப் படித்துப் பாருங்கள். 45 நிமிடம் ஆகிறது, படிக்க வேண்டியது 40 இயல் என்றால் 30 மணி நேரம் அங்கேயே போய்விடும். 200 கேள்வியில் 100 தமிழ். அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் இந்த 30-இல் கை வைக்காதீர்கள்.

பொது அறிவுக்கு மிச்சம் 22. இதேபோல் அளந்ததில் அரசியலமைப்பு 8, தேசிய இயக்கம் 6, நடப்பு நிகழ்வு 5, புவியியல் 7, பொருளாதாரம் 5, அறிவியல் 14 என்று வந்தால் மொத்தம் 45. பாதிக்கு மேல் விட்டாக வேண்டும். நான் என்றால் முதல் மூன்றை முழுதாக வைத்துக்கொண்டு, மீதி 3 மணி நேரத்தில் அறிவியலின் பழைய வினாக்களை மட்டும் பார்ப்பேன். விட மனசு வராதுதான். ஆனால் எதை விடுவது என்பதை இன்றைக்கே முடிவு செய்யுங்கள். 10-ஆம் நாளில் பதற்றத்தில் முடிவு செய்தால், கைக்குக் கிடைத்ததை எல்லாம் விட்டுவிடுவோம்.

என் பையன் பத்தாவது. பின்னோக்கி என்றால் கடைசிப் பாடத்திலிருந்து முதல் பாடத்துக்கு வரச் சொல்லட்டுமா?

இல்லைங்க, பின்னோக்கி எண்ணுவது நாள்களை மட்டும்தான். பாடத்தைப் புத்தக வரிசையிலேயே படிக்கட்டும். கணக்கில் முன்பாடம் தெரியாமல் பின்பாடம் ஓடாது.

கடைசி வாரம் தினம் ஒரு டெஸ்ட் எழுதினால்தானே வேகம் வரும்? மூன்று எப்படிப் போதும்?

எழுதினால் வேகம் வரும் என்பது உண்மை. ஆனால் எழுத 3 மணி நேரம் என்றால், தவறானதைப் புத்தகத்தில் தேடிக் குறித்துக்கொள்ள எனக்கு அதைவிட அதிக நேரம் ஆனது. தினமும் எழுதினால் அந்த வேலை நின்றுவிடும், அதே தவறு மறுபடியும் வரும். நாள் 10, 7, 5 என்று எழுதி, இடைப்பட்ட நாளில் திருத்துங்கள். வியாழன், செவ்வாய்க்கு லீவு கிடைக்காவிட்டால் இரவில் எழுதலாம். நாள் 7 ஞாயிறு, அன்றைக்குக் கட்டாயம் காலை 9.30-க்கு உட்காருங்கள். ஓஎம்ஆர் தாளை நகல் எடுத்து, பேனாவால் வட்டத்தை நிரப்புங்கள். விடை தெரியாத கேள்விக்கு E வட்டத்தையும் நிரப்ப வேண்டும், காலியாக விடக்கூடாது. முதல் தடவை அப்படி எழுதியபோது எனக்கு கடைசி 18 கேள்விகளைப் படிக்கவே நேரமில்லை.

பத்து நாளிலேயே 3 நாள் பாக்கி விழுந்துவிட்டது. எல்லாத் தேதியையும் தள்ளிப் போடலாமா?

தள்ளினால் இரண்டாம் வாசிப்புதான் அடிபடும். நாள் 17-க்கு இந்தப் பக்கம் எதையும் வர விடாதீர்கள். காலி ஞாயிறு இதற்காகத்தான். ஒரு ஞாயிறு முழுதாக உட்கார்ந்தால் இரண்டு நாள் பாக்கி தீரும், மூன்றாவதைப் பட்டியலின் அடியிலிருந்து வெட்டுங்கள். இரண்டு ஞாயிறு தொடர்ந்து பாக்கியிலேயே போனால், அளந்தபோது ஒரு இயலுக்கு நேரத்தைக் குறைத்துப் போட்டிருக்கிறீர்கள். திரும்ப அளந்து பாருங்கள்.

நான் இயற்பியல் பட்டதாரி. அறிவியலை விடச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

உங்களுக்கு அது 14 மணி நேரம் ஆகாது, 4-இல் முடியலாம். அப்படியானால் வைத்துக்கொள்ளுங்கள். விலங்கியல், தாவரவியல் பக்கமும் அதே வேகம் வருமா என்பது எனக்குத் தெரியாது. அதையும் ஒரு பாடம் அளந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.