டயாலிசிஸில் இருக்கும்போது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடலாமா?

“வயது 29, ஒன்றரை வருடமாக டயாலிசிஸ். விறைப்பு சரியாக வருவதில்லை. டெஸ்டோஸ்டிரோன் குறைவு, ஊசி போடலாம் என்கிறார்கள். குழந்தையும் வேண்டும். போடலாமா?”

தம்பி, குழந்தை வேண்டுமென்றால் இப்போதைக்கு அந்த ஊசி வேண்டாம். ஹார்மோன் வெளியிலிருந்து வந்ததும் மூளையின் பிட்யூட்டரி சுரப்பி விரைக்குக் கட்டளை அனுப்புவதைக் குறைத்துவிடும். விந்தணு குறையும், சிலருக்கு அறவே நின்றுபோகும். ஊசியை விட்ட பிறகும் திரும்பி வரப் பல மாதங்கள் ஆகலாம்.

முதலில் காரணத்தைத் தேடுங்கள். சிறுநீரகம் பழுதானால் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஏறும், அது ஆசையையே அமுக்கிவிடும். ரத்தசோகையும் சில பிரஷர் மாத்திரைகளும் சேர்ந்துகொள்ளும்.

நான் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே, மனைவி வெளியே போன பிறகு ஒரு பையன் இதையேதான் கேட்டான். அவனுக்கு ஹீமோகுளோபின் 8. அதை 10க்கு மேல் ஏற்றினார்கள், பிரஷர் மாத்திரையையும் டாக்டர் மாற்றினார். அப்புறம்தான் விறைப்புக்கான சில்டெனாபில் மாத்திரை 25 மில்லிகிராம், அதுவும் டயாலிசிஸ் இல்லாத நாளில். டயாலிசிஸ் முடிந்த கையோடு போட்டால் பிரஷர் சட்டென்று இறங்கும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் சில்டெனாபிலைத் தொடவே கூடாது, உயிருக்கே ஆபத்து.

விந்துப் பரிசோதனை ஒன்று இப்போதே செய்துவிடுங்கள். மாற்றுச் சிறுநீரகம் வைத்தபின் பலருக்கு நிலைமை தேறுகிறது. அப்போது புதுச் சிறுநீரகத்தை உடல் ஒதுக்காமல் இருக்க சிரோலிமஸ் மாத்திரை கொடுப்பதாக இருந்தால், குழந்தைத் திட்டத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவும் விந்தணுவைக் குறைக்கும். அடுத்த சந்திப்புக்கு மனைவியையும் கூட்டிப் போங்கள், ஆசை குறைந்தது தன்னால்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம்.