மூன்று தேர்வுகள், ஒரே அளவுகோல்: கோளத்தன்மை எங்கே இடறுகிறது?

கேள்வி: ஒரே மாணவர்களுக்குப் பாடத்துக்கு முன், பாடம் முடிந்ததும், ஒரு மாதம் கழித்து என மூன்று முறை தேர்வு வைத்தேன். மீள் அளவீட்டு அனோவாவில் ஒரு வரி p மதிப்பை 0.05-க்குக் கீழேயும், 'திருத்திய' வரி மேலேயும் காட்டுகிறது. கோளத்தன்மை இல்லை என்கிறார்கள். அப்படியென்றால் என்ன, எந்த வரியை எழுதுவது?

திருத்திய வரியை எழுதுங்கள். முன்பு ஓர் அறிக்கையில் நான் முதல் வரியை எடுத்து எழுதிவிட்டு, சரிபார்த்தவரிடம் பதில் சொல்ல முடியாமல் விழித்திருக்கிறேன். காரணம் புரிந்தது, சிறிய தரவு ஒன்றைக் கையால் போட்டுப் பார்த்த பிறகுதான். இதற்காகவே நான் உருவாக்கிய ஆறு மாணவர்களின் மதிப்பெண்களை இங்கே தருகிறேன். R-இல் அப்படியே ஓட்டிப் பார்க்கலாம்.

```r
t1 <- c(52, 41, 60, 47, 66, 55)
t2 <- c(53, 43, 63, 49, 67, 58)
t3 <- c(50, 56, 66, 60, 66, 65)
m <- lm(cbind(t1, t2, t3) ~ 1)
mauchly.test(m, X = ~1)
anova(m, X = ~1, test = "Spherical")
```

மதிப்பெண்களை மறந்துவிட்டு வித்தியாசங்களை மட்டும் பாருங்கள். முதல் தேர்விலிருந்து இரண்டாவதற்கு எல்லோரும் 1 முதல் 3 மதிப்பெண் வரை ஏறியிருக்கிறார்கள், சராசரி 2. இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு ஒருவர் 13 ஏறுகிறார், இன்னொருவர் 3 இறங்குகிறார், சராசரி 5. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையிலும் இதே கலவரம்தான், சராசரி 7. இந்த மூன்று வித்தியாசங்களின் பரவற்படி முறையே 0.8, 41.6, 48. கோளத்தன்மை என்பது மக்கள்தொகையில் இந்த மூன்றும் சமமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, அவ்வளவுதான். தேர்வு மதிப்பெண்களின் பரவற்படிகள் சமமாக இருக்க வேண்டும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். நிபந்தனை வித்தியாசங்களுக்கானது. அதனால்தான் இரண்டே தேர்வு வைத்தால் இந்தப் பேச்சே எழாது. இருப்பது ஒரே வித்தியாசம், அது எதோடு சமமாக வேண்டும்?

இனி அனோவா செய்வதைப் பாருங்கள். அது அந்த மூன்று பரவற்படிகளின் சராசரியில் பாதியை, அதாவது சுமார் 15.07-ஐ, எல்லோருக்கும் பொதுவான பிழையாக எடுத்துக்கொள்கிறது. தேர்வுகளுக்கு இடையிலான சராசரி வர்க்கம் 78. வகுத்தால் F = 5.18. திரையில் df 2, 10 என்று வரும். P சுமார் 0.029.

சிக்கல் அந்த 10-இல் இருக்கிறது. முதல் இரண்டு தேர்வுகளும் ஒன்றையொன்று அப்படியே பின்பற்றுவதால், பிழை முழுக்க மூன்றாவது தேர்வு ஒன்றின் ஏற்ற இறக்கத்திலிருந்தே வருகிறது. பெயருக்கு மூன்று தேர்வு. சிதறலைப் பொறுத்தவரை இது கிட்டத்தட்ட இரண்டு தேர்வுத் தரவு. பத்து தனித்தனிச் செய்திகள் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் பிழைக்குள் உண்மையில் ஐந்துதான் இருக்கின்றன. கிரீன்ஹவுஸ், கெய்சர் இருவரும் 1959-இல் தந்த எப்சிலான் இதைத்தான் அளக்கிறது. கோளத்தன்மை முழுமையாக இருந்தால் அது 1. மூன்று தேர்வுக்கு அதன் அடிமட்டம் 0.5. இந்தத் தரவில் 0.51. இரண்டு df எண்களையும் அதால் பெருக்கினால் 2, 10 என்பது 1.02, 5.1 ஆகிவிடும். F மாறாது, ஆனால் p சுமார் 0.07-க்கு ஏறிவிடும். உங்கள் இரண்டு வரிகளும் முரண்பட்டது இப்படித்தான்.

கோளத்தன்மை மீறப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் மௌக்லி சோதனை இங்கே W = 0.037, p = 0.001 என்று உரக்கவே எச்சரிக்கிறது. (1940-இல் இதை வெளியிட்ட ஜான் மௌக்லிதான் பின்னர் எனியாக் கணினியை வடிவமைத்த இருவரில் ஒருவர்.) ஆனாலும் அதை வாசற்காவலனாக வைக்காதீர்கள். மாணவர்கள் குறைவாக இருந்தால் உண்மையான மீறலைக் கோட்டை விடும். நிறைய இருந்தால் அற்ப மீறலுக்கும் கூச்சலிடும். நான் எப்சிலானைப் பார்த்துவிட்டு நேரே திருத்திய வரிக்குப் போய்விடுவேன். எப்சிலான் 0.75-க்கு மேல் இருந்தால் கிரீன்ஹவுஸ்-கெய்சர் சற்று அதிகமாகக் கறாராகிவிடும். அப்போது ஹுயின்-ஃபெல்ட் திருத்தத்தை எடுக்கலாம்.

பலர் கவனிக்காத இடம் அடுத்தது: எந்தத் தேர்வு எதிலிருந்து வேறுபடுகிறது என்று பார்க்கும் ஜோடி ஒப்பீடு. பொதுப் பிழையை வைத்தால் முதல்-இரண்டாம் தேர்வுக்கு t = 0.89, ஒன்றுமில்லை, முதல்-மூன்றாம் தேர்வுக்கு 3.12, p சுமார் 0.01. ஒவ்வொரு ஜோடிக்கும் அதன் சொந்தப் பரவற்படியை வைத்தால் முடிவு தலைகீழாகிறது. முதல்-இரண்டாம் தேர்வுக்கு t = 5.48, p = 0.003; முதல்-மூன்றாம் தேர்வுக்கு 2.47, p = 0.056. எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஏறிய அந்த 2 மதிப்பெண், மற்ற ஜோடிகளின் சிதறலுக்குள் புதைந்து கிடந்தது. ஆகவே ஜோடி ஒப்பீட்டுக்குத் தனித்தனி இணை t சோதனைகளைச் செய்து, மூன்று p மதிப்புகளையும் ஹோம் முறையில் திருத்துங்கள். இந்தத் தரவில் அதற்குப் பிறகும் நிற்பது முதல்-இரண்டாம் ஜோடி மட்டும்.