ரியாத் லீவும் ஆம்பூர் லீவும் சேரும் நேரம்

"அவருக்கு ரியாத்தில் வெள்ளி, சனி லீவு. எனக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஞாயிறு மட்டும்தான். வீடியோ காலுக்கு எந்த நேரம் வைப்பது?"

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணி வையுங்கள், சகோதரி. சவுதி நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னால். அவருக்கு அப்போது மாலை ஐந்தரை, லீவு நாள். உங்களுக்கு மறுநாள் வேலை இல்லை, பிள்ளைகளுக்குப் பள்ளியும் இல்லை. கம்பெனி பஸ்ஸில் வந்து, குளித்து, சோற்றை இறக்கிவிட்டு நிதானமாக உட்காரலாம்.

ஞாயிறுதானே வசதி என்று தோன்றும். ஆனால் அங்கே அதுதான் வாரத்தின் முதல் வேலை நாள். உங்கள் காலை பத்து மணிக்கு அவருக்கு ஏழரை. டூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் 'சரி, சரி' என்றுதான் பதில் வரும். வெள்ளி ராத்திரி என்றால் விடிந்ததும் ஓட வேண்டியது நீங்கள்.

இரண்டு நாட்டிலும் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லாததால் இந்த எட்டு மணி வருஷம் முழுக்க மாறாது. ரமலானில் மட்டும் நோன்பு திறக்கும் நேரத்தோடு மோதும். அந்த மாதம் பிற்பகல் மூன்றரை மணிக்கு, நீங்கள் வீட்டிலிருக்கும் ஞாயிறன்று, அவரால் முடிகிறதா என்று கேளுங்கள்.

ஷிப்மென்ட் நெருக்கடியில் ஞாயிறும் ஓவர்டைம் போட்டால் நேரத்தை மாற்றாதீர்கள், பேச்சைக் குறையுங்கள். அவருக்கு எப்போதாவது வெள்ளி மட்டும் லீவு என்று ஆகிவிட்டால், வெள்ளி ராத்திரி ஒன்பது, சுருக்கமாக. வேறு வழியில்லை.